தொழில் வண்டியை விற்றால் வரிக்கு லாபமா, நட்டமா? பிளாக் தேய்மானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத் தொழில் நடத்துகிறவர்களின் வருமான வரிக் கணக்கு பார்ப்பது என் வேலை. மார்ச் முடிந்து கணக்கைக் கொண்டுவரும்போது வண்டி விற்றவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025 சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன, பிளாக் முறை மாறவில்லை.

காரை 5,60,000-க்கு விற்றேன். கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு 4,69,806 தான். 90,194 லாபத்துக்கு வரி கட்டணுமா?

அநேகமாக இந்த வருஷம் கட்ட வேண்டியதில்லை. வருமான வரித் துறையின் கண்ணில் உங்கள் கார் தனியாக இல்லை.

1988-89 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, ஒவ்வொரு சொத்துக்கும் தனித்தனியாகத் தேய்மானம் போடும் பழைய வழக்கம் போய்விட்டது. ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே தேய்மான விகிதம் கொண்ட சொத்துகளெல்லாம் ஒரு பிளாக். வாடகைக்கு ஓடாத கார் ‘இயந்திரங்கள்’ வகையில் 15 சதவீதத்தில் வருகிறது. பட்டறையில் இருக்கும் லேத்தும் அதே 15 சதவீதம், ஜெனரேட்டரும் அப்படியே, ஆபீஸ் ஏ.சி.யும் அப்படியே. எல்லாம் ஒரே அண்டாவில் ஊற்றிய பால் மாதிரி. எந்தப் பால் எந்த மாட்டினுடையது என்று பிறகு பிரிக்க முடியாது.

கேள்வி கேட்டவர் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். காரை 2021 மே மாதம் 9,00,000-க்கு வாங்கினார். நான்கு வருஷம் 15 சதவீதம் கழிந்து 2025 மார்ச் 31-ல் அதன் தனி மதிப்பு 4,69,806. அவருடைய மொத்த 15 சதவீத பிளாக்கின் மதிப்பு 2025 ஏப்ரல் 1-ல் 14,20,000. ஜூலையில் காரை விற்றார். வரிக் கணக்கில் செய்ய வேண்டியது ஒரே ஒரு கழித்தல்தான்.

14,20,000-லிருந்து விற்ற விலை 5,60,000-ஐக் கழித்தால் 8,60,000. அதில் 15 சதவீதம், அதாவது 1,29,000, இந்த வருஷத் தேய்மானம். கழிப்பது விற்ற விலையை, காரின் புத்தக மதிப்பை அல்ல. இது பிரிவு 43(6). பிளாக்கில் பணமும் மிச்சம் இருக்கிறது, மெஷின்களும் இருக்கின்றன. ஆகவே ஆதாயம் என்ற பேச்சே எழவில்லை.

அப்படியென்றால் அந்த 90,194 முழுசா வரியில்லாத லாபமா?

இல்லை. வரி உங்களிடம் தவணையில் வருகிறது.

காரின் புத்தக மதிப்பான 4,69,806 மட்டும் பிளாக்கிலிருந்து போயிருந்தால், மிச்சம் 9,50,194 இருந்திருக்கும். இப்போது 8,60,000 தான் இருக்கிறது. அந்த 90,194 குறைந்ததால் முதல் வருஷம் தேய்மானம் 13,529 குறைகிறது. அடுத்த வருஷம் அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 11,500 குறைகிறது. இப்படியே போய் 5 வருஷத்தில் அந்த லாபத்தில் ஏறக்குறைய 56 சதவீதம் உங்கள் வருமானத்தில் சேர்ந்துவிடும். 10 வருஷத்தில் 80 சதவீதம்.

நட்டத்துக்கும் இதே கதைதான். கார் 3,80,000-க்குத்தான் போயிருந்தால் புத்தகத்தில் 89,806 நட்டம். வரிக் கணக்கில் அதை அந்த வருஷமே கழிக்க விடமாட்டார்கள். அது பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்து வருஷத்துக்கு 15 சதவீதமாகக் கரையும். வண்டி போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அதற்குத் தேய்மானம் வந்துகொண்டிருக்கும். கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரிகிறது, ஆனால் பிளாக் முறையின் ஏற்பாடே அதுதான்.

லாப நட்டக் கணக்கில் ‘கார் விற்ற லாபம்’ என்று கணக்குப்பிள்ளை எழுதிவிட்டார். அதை என்ன செய்வது?

புத்தகத்தில் இருக்கட்டும், அது தப்பில்லை. வரி கணக்கிடும் தாளில் மட்டும் அந்த லாபத்தை நிகர லாபத்திலிருந்து கழித்துவிட வேண்டும். நட்டம் எழுதியிருந்தால் திரும்பக் கூட்ட வேண்டும். புத்தகத் தேய்மானத்தைக் கூட்டி, வரித் தேய்மானத்தைக் கழிக்கிற அதே இடத்தில் இதையும் செய்துவிடுங்கள்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு வேன் விற்ற லாபத்தைக் கழிக்க மறந்துவிட்டேன். பிளாக்கிலும் விற்ற விலையைக் குறைத்திருந்தேன். ஒரே லாபத்துக்கு அவர் அந்த வருஷம் ஒரு தடவை வரி கட்டினார், குறைந்த தேய்மானம் வழியாகப் பிறகும் கட்டினார். துறைக்கு நட்டமில்லாத தப்பு என்பதால் நோட்டீஸும் வரவில்லை. அடுத்த வருஷம் பழைய தாளைப் புரட்டியபோது நானே கண்டுபிடித்தேன். நல்லவேளை, திருத்திய ரிட்டர்ன் போட அவகாசம் இருந்தது.

நட்டத்தைக் கூட்ட மறந்தால் கதை தலைகீழ். அது கூடுதலாகக் கேட்ட கழிவு. தணிக்கை உள்ள கணக்கானால் ஆடிட்டர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

எப்போதுதான் உண்மையிலேயே ஆதாயம், நட்டம் என்று வரும்?

இரண்டே சந்தர்ப்பம். இரண்டும் பிரிவு 50-ல் இருக்கின்றன.

ஒன்று, விற்ற விலை பிளாக்கையே விழுங்கிவிடுவது. பிளாக்கில் வேறு சொத்து மிச்சம் இருந்தாலும் சரி, பிளாக்கின் தொடக்க மதிப்பு, அந்த வருஷம் சேர்த்த சொத்தின் விலை, விற்பனைச் செலவு மூன்றையும் கூட்டினால் வரும் தொகையை விற்ற விலை தாண்டிவிட்டால், தாண்டிய அளவு குறுகிய கால மூலதன ஆதாயம்.

இரண்டு, பிளாக் காலியாவது. அதிலிருந்த கடைசிச் சொத்தும் போய்விட்டால், பிளாக்கில் பணம் மிச்சம் இருந்தாலும் தேய்மானம் கிடையாது. மிச்சம் இருப்பது குறுகிய கால மூலதன நட்டம். விற்ற விலை கூடுதலாக இருந்தால் ஆதாயம்.

வண்டியை 10 வருஷம் வைத்திருந்தாலும் ‘குறுகிய காலம்’ தான். தேய்மானம் வாங்கிய சொத்துக்குச் சட்டம் அப்படியொரு கற்பனை வைத்திருக்கிறது. வரி உங்கள் வழக்கமான ஸ்லாப் விகிதத்தில். பங்குச் சந்தை ஆதாயத்துக்கு இருக்கும் தனி விகிதம் இதற்குப் பொருந்தாது.

எனக்கு இரண்டு லாரி. ஒன்றை விற்றேன், இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆதாயம் வருமா?

லாரிக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. வாடகைக்கு ஓடும் லாரி, பஸ், டாக்சிக்குத் தேய்மானம் 30 சதவீதம். பிளாக் மதிப்பு வேகமாக வற்றிவிடும், சந்தை விலை அவ்வளவு வேகமாக இறங்காது.

நாமக்கல் பக்கம் ஓர் உரிமையாளரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு லாரியும் சேர்ந்த பிளாக் 2025 ஏப்ரல் 1-ல் 9,40,000. ஒரு லாரி 11,00,000-க்குப் போனது. புரோக்கர் கமிஷன் 15,000. பதினொரு லட்சத்திலிருந்து கமிஷனையும் 9,40,000-ஐயும் கழித்தால் மிஞ்சுவது 1,45,000. அதுதான் குறுகிய கால ஆதாயம்.

அவருக்கு இன்னும் வலிப்பது அடுத்த விஷயம். பிளாக் பூஜ்யம் ஆகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு லாரிக்கு இந்த வருஷமும் தேய்மானம் இல்லை, இனிமேலும் இல்லை. அடுத்த வருஷம் அதை 8,00,000-க்கு விற்றால், விற்பனைச் செலவு போக முழுத்தொகையும் ஆதாயம். அதற்குக் கழிக்க ஒரு ரூபாய்கூட பிளாக்கில் கிடையாது.

அவர் அதே வருஷம், மார்ச் 31-க்குள், 12,00,000-க்கு இன்னொரு லாரி வாங்கியிருந்தால்? 9,40,000-உடன் 12,00,000 சேர்த்து 11,00,000 கழித்தால் 10,40,000 மிச்சம். ஆதாயம் இல்லை. வாங்கியது பழைய லாரியாக இருந்தாலும் பரவாயில்லை. ஏப்ரல் 2-ல் வாங்கினால் பயனில்லை. லாரி விற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ‘அடுத்த வண்டி எப்போ எடுக்கிறீங்க?’ என்பதுதான். வரிக்காகத் தேவையில்லாத வண்டியை எடுக்கச் சொல்லமாட்டேன். எப்படியும் எடுக்கப் போகிறவர் இரண்டு வாரம் முன்னே எடுத்தால் போதும்.

ஆனால் ஒன்று. மார்ச் கடைசியில் வாங்கி ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தினால் அந்தச் சேர்க்கைக்கு அந்த வருஷம் தேய்மானம் கேட்க முடியாது. தேய்மானத்துக்கு வண்டியைத் தொழிலில் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

இரண்டு லாரியையும் நட்டத்துக்கு விற்றுவிட்டேன். வாடகை வருமானத்தில் அந்த நட்டத்தைக் கழிக்கலாமா?

முடியாது. அதே 9,40,000 பிளாக், ஒரு லாரி 5,00,000-க்கும் இன்னொன்று 3,00,000-க்கும் போனது என்றால் பிளாக் காலி. 1,40,000 குறுகிய கால மூலதன நட்டம். இதை மூலதன ஆதாயத்தில் மட்டும் கழிக்கலாம். அது நிலம் விற்றதாக இருக்கலாம், பங்கு விற்றதாக இருக்கலாம், குறுகிய காலமோ நீண்ட காலமோ எதுவானாலும் சரி. அப்படி எதுவும் இல்லையென்றால் 8 வருஷம் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்கு ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அந்த உரிமை போய்விடும்.

நிலம், பங்கு எதுவும் இல்லாத லாரிக்காரருக்கு இந்த நட்டம் காகிதத்தில் இருக்கும், கைக்கு வராது. இரண்டாவது லாரியை அந்த வருஷம் விற்காமல் ஓட்டியிருந்தால் பிளாக்கில் 4,40,000 மிச்சம் இருந்து, அதில் 30 சதவீதமான 1,32,000 தேய்மானமாகத் தொழில் வருமானத்திலேயே கழிந்திருக்கும்.

என் கார் 2019 டிசம்பரில் எடுத்தது. அதுவும் பட்டறை மெஷின்களோடுதானே சேரும்?

சேராது. இந்த ஒரு கேள்வியில் தப்புப் பண்ணினவர்கள் நிறைய.

2019-ல் கார் விற்பனை படுத்திருந்த நேரம், அரசு ஒரு சலுகை கொடுத்தது. 2019 ஆகஸ்ட் 23 முதல் 2020 மார்ச் 31 வரை வாங்கி, அதற்குள்ளேயே பயன்படுத்தத் தொடங்கிய கார்களுக்கு 15-க்குப் பதில் 30 சதவீதம். வாடகை வண்டிகளுக்கு 45. விகிதம் மாறினால் பிளாக்கும் மாறும். ஆக அந்தக் கார் லேத்தோடு சேராமல் 30 சதவீத பிளாக்கில் தனியே நிற்கிறது.

10,00,000-க்கு எடுத்த கார் என்று வையுங்கள். முதல் வருஷம் 180 நாளுக்குக் குறைவு என்பதால் பாதி, 1,50,000. பிறகு வருஷா வருஷம் 30 சதவீதம் கழிந்து 2025 மார்ச் 31-ல் மிச்சம் 1,42,860 தான். இதை 2025-26-ல் 4,50,000-க்கு விற்றால் பிளாக் காலி, 3,07,140 ஆதாயம். பட்டறை பிளாக்கில் 14 லட்சம் கிடந்தாலும் அது உதவிக்கு வராது. அதே வருஷம் புதுக் கார் எடுத்தாலும் அது 15 சதவீதத்தில் போய்ச் சேரும், இந்தப் பிளாக்கைக் காப்பாற்றாது. இதே வகையில் 30 சதவீதம் உள்ள வேறு சொத்து இருந்தால்தான் தப்பிக்கலாம். பிளாஸ்டிக் பொருள் செய்யும் தொழிற்சாலையின் அச்சுகள் அப்படிப்பட்டவை.

உங்கள் கார் எந்தப் பிளாக்கில் இருக்கிறது என்று தெரிய பழைய ரிட்டர்னில் `Schedule DPM` பக்கத்தைத் திறந்து 30 சதவீதப் பத்தியில் தொகை இருக்கிறதா பாருங்கள். இருக்கிறது, வாடகை வண்டி எதுவும் உங்களிடம் இல்லை என்றால், அது பெரும்பாலும் இந்தக் கார்தான். சிலருக்கு அப்போதே 15 சதவீதத்தில் போட்டிருப்பார்கள். அதையும் விற்பதற்கு முன்னால் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஷோரூமில் பழைய காரைக் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் போட்டேன். வித்தியாசத் தொகையை மட்டும் புதுக் கார் விலையாக எழுதலாமா?

கூடாது. பழைய காருக்கு ஷோரூம் போட்ட விலை விற்பனை. புதுக் காருக்கு முழு விலையும் கொள்முதல். இரண்டையும் தனித்தனியே காட்ட வேண்டும்.

‘எப்படியும் கூட்டிக் கழித்தால் ஒன்றுதானே’ என்பார்கள். பாதித் தேய்மானம் வரும்போது ஒன்றல்ல. கோவைப் பட்டறைக்காரர் ஜூலையில் விற்காமல் நவம்பரில் எக்ஸ்சேஞ்ச் போட்டிருந்தால் எப்படி வரும் என்று பார்ப்போம். பழைய காருக்கு 5,60,000. புதுக் கார் 13,00,000. நவம்பரில் எடுத்த வண்டி மார்ச் 31-க்குள் 180 நாள் ஓடாது, அதற்கு 7.5 சதவீதம்தான்.

சரியான வழியில், 14,20,000-லிருந்து 5,60,000 போக 8,60,000-க்கு 15 சதவீதம், 1,29,000. புதுக் காருக்கு 7.5 சதவீதம், 97,500. மொத்தம் 2,26,500.

வித்தியாசத்தை மட்டும் எழுதினால், 14,20,000-க்கு முழுசாக 2,13,000, வித்தியாசமான 7,40,000-க்கு 55,500. மொத்தம் 2,68,500. 42,000 கூடுதலாகக் கேட்டுவிட்டீர்கள். ரிட்டர்னில் விற்பனைக்குத் தனிக் கட்டம் இருப்பதால் அதைக் காலியாக விட்டது அப்படியே தெரியும்.

விற்ற பணத்தில் பாதி பைனான்ஸ் கடனை அடைக்கப் போய்விட்டது. கைக்கு வந்ததைத்தானே காட்டணும்?

இல்லை, முழு விலையும். கடன் உங்களுக்கும் பைனான்ஸ்காரருக்கும் இடையில் உள்ள விஷயம். வாங்கினவர் நேராக பைனான்ஸுக்குக் கட்டி என்.ஓ.சி. வாங்கியிருந்தாலும் அது உங்கள் விற்பனை விலையில் அடங்கினதுதான்.

விபத்தில் வண்டி முழுசா போய்விட்டது. இன்சூரன்ஸ் பணம் வந்தால்?

விற்பனை மாதிரியேதான். இன்சூரன்ஸ் தொகையும், காயலான் கடையில் கிடைத்த பணமும் சேர்த்துப் பிளாக்கிலிருந்து கழியும். பிளாக்கைத் தாண்டினால் ஆதாயம்.

நான் 44ஏஇ-யில் கணக்கு காட்டுகிறேன். தேய்மானமே எடுத்ததில்லை. அப்போ வாங்கின விலை முழுசும் கழிக்கலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் முகம் பதிலைக் கேட்டதும் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். 10 வண்டி வரை வைத்திருப்பவர்கள், பெரிய லாரிக்கு டன்னுக்கு மாதம் 1,000, மற்றதற்கு வண்டிக்கு மாதம் 7,500 என்று காட்டும் வழி அது. அந்தத் தொகையிலேயே தேய்மானம் அடங்கிவிட்டதாகச் சட்டம் சொல்கிறது. வருஷா வருஷம் 30 சதவீதம் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துத்தான் மிச்ச மதிப்பைப் போட வேண்டும். வாங்கிய பில்லை எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். 5 வருஷம் முழுசாக ஓடிய 20,00,000 லாரிக்கு 3,36,140 தான் மிஞ்சும். அதற்கு மேல் விற்றது, பிளாக்கில் வேறு வண்டி இல்லையென்றால், ஆதாயம். இதை 44ஏஇ வருமானத்துக்கு வெளியே மூலதன ஆதாயமாகத் தனியே காட்ட வேண்டும்.

வழக்கமான கணக்கு எழுதுகிறவர் தேய்மானம் கேட்காமல் விட்டிருந்தாலும் இதே நிலைதான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடுத்ததாகவே கணக்கு.

ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது. அதிலும் பிளாக் மதிப்புதானா?

ஜி.எஸ்.டி. மட்டும் வண்டியைத் தனி வண்டியாகவே பார்க்கிறது. பழைய வண்டியை விற்கும் பதிவுபெற்ற வியாபாரி, வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுக்காமல் இருந்து, வருமான வரியில் தேய்மானம் எடுத்திருந்தால், விற்ற விலைக்கும் அந்த வண்டியின் தேய்மானம் போன மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. 2025 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். வித்தியாசம் மைனஸில் போனால் வரி இல்லை.

ஆக வருமான வரியில் ஆதாயமே இல்லாத நம் பட்டறைக்காரருக்கு, வரியைத் தனியே வசூலித்திருந்தால், 90,194-க்கு 18 சதவீதம், 16,235 ரூபாய் ஜி.எஸ்.டி. உண்டு. அண்டாவில் கலந்த பாலை இங்கே பிரித்துக் காட்டித்தான் ஆக வேண்டும். 2021-ல் வாங்கிய பில், ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு காருக்கு எவ்வளவு கழிந்தது என்ற ஒரு தாள், இரண்டும் கோப்பில் இருந்தால் 5 நிமிஷ வேலை. இல்லாதவர்கள் பழைய ரிட்டர்ன்களைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் நான் பார்க்கும் கணக்குகளில், பிளாக் பட்டியலுக்குப் பக்கத்தில் வண்டிகளுக்கு மட்டும் தனி ஏடு ஒன்று எப்போதும் உண்டு.

ரிட்டர்னில் இதையெல்லாம் எங்கே போடுவது?

ஐ.டி.ஆர்.-3 போடுகிறவர்களுக்கு `Schedule DPM`-ல் தொடக்க மதிப்பு, 180 நாளும் அதற்கு மேலும் ஓடிய சேர்க்கை, அதற்குக் குறைவாக ஓடியது, விற்ற விலை என்று கட்டங்கள் இருக்கின்றன. ஆதாயம் வந்தால் `Schedule DCG`-க்குப் போய், அங்கிருந்து `Schedule CG`-யில் குறுகிய கால ஆதாயமாகச் சேரும். மென்பொருள் தானாகக் கொண்டுபோகும், ஆனால் பிளாக் காலியாகிவிட்டதா என்பதை அது அறியாது. பணம் மிச்சம் இருந்தால் சொத்தும் இருக்கிறது என்று நினைத்துத் தேய்மானம் போட்டுவிடும். கடைசி வண்டி போன வருஷம் அந்தக் கட்டத்தை நீங்களே கண்ணால் பார்த்துத் தேய்மானத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு, மிச்சத்தை மூலதன நட்டமாகக் காட்டுங்கள்.